விட்டுப்போன நாட்கள் கடன் பாக்கி அல்ல

ஜிம்முக்குப் போகாமல் விட்ட நாட்களை நம்மில் பலர் சீட்டுப் பணம் மாதிரிதான் கணக்கு வைக்கிறோம். இரண்டு தவணை கட்டாமல் விட்டால் மூன்றாவது மாதம் சேர்த்துக் கட்ட வேண்டும், தாமதத்துக்கு அபராதம் தனி. காய்ச்சலில் மூன்று வாரம் படுத்து எழுந்தவர் முதல் நாளே இரண்டு மடங்கு பயிற்சி செய்வதும், தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் தின்றவர் மறுநாள் பட்டினி கிடப்பதும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. குற்ற உணர்ச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பாக்கிக் கணக்குதான்.

கடந்த சில மாதங்களாக இடைவெளிக்குப் பின் உடலில் என்ன நடக்கிறது என்று படித்துக் கொண்டிருந்தேன். படித்ததில் தெளிவாகத் தெரிந்தது ஒன்று. உடலிடம் அப்படி ஒரு பாக்கி நோட்டு கிடையாது. எத்தனை செஷன் விட்டீர்கள் என்று தசைக்குத் தெரியாது. இன்றைக்கு அது எந்த நிலையில் இருக்கிறது, அதன்மேல் எவ்வளவு சுமை வைக்கிறீர்கள், இந்த இரண்டு மட்டும்தான் அதற்குக் கணக்கு. ஆகவே திரும்பி வரும் திட்டத்தை விட்டதிலிருந்து போடக்கூடாது, இருப்பதிலிருந்து போட வேண்டும். அந்தக் கணக்கை ஒரு ஆளை வைத்துப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

ஆள்

பீளமேட்டில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். வயது 46. வாரம் மூன்று நாள் ஜிம். ஸ்குவாட் 80 கிலோ, பெஞ்ச் 55, டெட்லிஃப்ட் 100, ஒவ்வொன்றும் ஐந்து ஐந்தாக மூன்று செட். ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸில் நான்கு சுற்று, அதாவது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓட்டம். நவம்பர் முதல் வாரம் டெங்கு வந்தது. ஏழு நாள் காய்ச்சல், அதில் நான்கு நாள் ஆஸ்பத்திரி. எடை 74-லிருந்து 70-க்கு இறங்கியது. டாக்டர் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாகிவிட்டதைப் பார்த்து, நன்றாக ஓய்வெடுத்த பிறகு மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று சொன்னார். மொத்தம் ஐந்து வாரம் போயிருந்தது.

என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரு திட்டம் இருந்தது. "தம்பி, பதினஞ்சு செஷன் போச்சு. இனி வாரம் ஆறு நாள் போயி ஈடு கட்டோணும். டிசம்பர் மாரத்தானுக்கு வேற காசு கட்டியாச்சு" என்றார். கோயம்புத்தூர் மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். அதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

என்ன போயிருக்கிறது?

உடலின் எல்லா பாகமும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை, ஒரே வேகத்தில் ஏறுவதும் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும்.

முதலில் இறங்குவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. பயிற்சி செய்பவர்களுக்கு இது சற்று அதிகமாக இருக்கும். பயிற்சி நின்று இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அந்த உபரி குறைந்துவிடும். இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தம் குறைவதால், அதே மாடிப்படிக்கு நாடித் துடிப்பு எகிறும். திரும்பி வந்த முதல் நாள் "எல்லாம் போச்சு" என்று தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆனால் முதலில் திரும்பி வருவதும் இதுதான். ஓரிரு வாரத்தில் மீண்டுவிடும்.

அடுத்தது தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கும் என்சைம்கள். எட்வர்ட் கோய்ல் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பல வருடம் பயிற்சி செய்தவர்களை 84 நாள் நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் இறங்கியது. 56 நாளில் 16 சதவீதம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது, அதற்குக் கீழே போகவில்லை. தசையைச் சுற்றியுள்ள நுண் இரத்தக் குழாய்கள் கடைசி வரை குறையவே இல்லை. வருடக்கணக்கில் போட்ட அஸ்திவாரம் மூன்று மாதத்தில் கரைவதில்லை.

தசை பலம் இன்னும் பிடிவாதமானது. பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் 2024-ல் வெளியான ஆய்வில் ஒரு குழு 20 வாரம் தொடர்ந்து எடை தூக்கியது. இன்னொரு குழு 10 வாரம் தூக்கி, 10 வாரம் சும்மா இருந்து, மறுபடி 10 வாரம் தூக்கியது. முடிவில் இரண்டு குழுவின் பலமும் தசை அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. நடுவில் இழந்ததை முதல் ஐந்து வாரத்திலேயே பிடித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இவர்கள் எல்லாம் பயிற்சியை மட்டும் நிறுத்தியவர்கள், எழுந்து நடமாடிக் கொண்டுதான் இருந்தார்கள். படுக்கையில் கிடப்பது வேறு கதை. 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை 20 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களின் அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு நிமிடத்துக்கு 3.3 லிட்டரிலிருந்து 2.4-க்கு விழுந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது அளவு 2.9. அதாவது முப்பது வருட வயது செய்ததைவிட மூன்று வாரப் படுக்கை அதிகமாகச் செய்திருக்கிறது. ஆனால் அந்த 1966-லேயே, எழுந்த பின் எட்டு வார அளவு பயிற்சியில் சராசரி 3.9-க்குப் போய்விட்டது. நோயில் படுத்தவருக்கு இதிலிருந்து இரண்டு செய்தி. இழப்பு உண்மையானது, கற்பனை அல்ல. மீட்பும் உண்மையானது, ஆனால் நாட்களில் அல்ல, வாரங்களில்.

கடைசியாகத் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார். இதற்கு இரத்த ஓட்டம் குறைவு, மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். தசை மூன்றாவது வாரத்தில் "தயார்" என்று சொல்லும்போது தசைநாண் இன்னும் பாதி வழியில்தான் நிற்கும். காயங்கள் பல நேரம் முதல் நாளில் வராமல், எடை லேசாகத் தோன்ற ஆரம்பித்த பிறகு வருவது இதனால்தான்.

ஈடு கட்டினால் என்ன ஆகும்?

இதற்கு நம் பக்கத்திலேயே ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியத் தொடரில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் ஐபிஎல் மீண்டும் தொடங்கியபோது கொரோனா. முழு சீசன் ஆடத் திரும்பியது 2022-ல்தான், 11 ஆட்டத்தில் 18 விக்கெட். இடையில் போன மாதங்களில் வீசாமல் விட்ட ஓவர்களைச் சேர்த்து வீசு என்று அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால் நமக்கே அபத்தமாகத் தெரியும். நம் விஷயத்தில் மட்டும் அதையே நியாயம் என்று நினைக்கிறோம்.

வேகப்பந்து வீச்சாளர்களை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஒரு வாரச் சுமை கடந்த நான்கு வாரச் சராசரியைவிட இரண்டு மடங்கைத் தாண்டியபோது, அடுத்த வாரத்தில் காயத்துக்கான வாய்ப்பு பல மடங்கு கூடியது. அந்த விகிதத்தைக் கணக்கிடும் முறையைப் பின்னால் பலர் விமர்சித்திருக்கிறார்கள். அதை ஒரு துல்லியமான அளவுகோலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திடீர் ஏற்றத்துக்கான விலை அந்த வாரத்திலேயே தெரியாமல் அடுத்த வாரம் வரக்கூடும் என்பது நினைவில் வைக்க வேண்டியது. நம் ஆளின் கடந்த நான்கு வாரச் சராசரி பூஜ்யம். அதன்மேல் 21 கிலோமீட்டர் வைத்தால் விகிதம் போடவே முடியாது.

மாரத்தான் ஓடுவதில்லை என்று அன்றே முடிவானது. கட்டின காசு ஓடினாலும் திரும்பாது, ஓடாவிட்டாலும் திரும்பாது.

எப்போது ஆரம்பிக்கலாம்?

டெங்குவில் பிளேட்லெட் குறைந்திருக்கும்போது அடிபட்டால் இரத்தக் கசிவு ஆபத்து உண்டு. ஆகவே டாக்டர் சொல்லாமல் எடையைத் தொடக்கூடாது. உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைத் தானாக எடுக்கவும் கூடாது. டெங்கு உட்பட எந்த வைரஸ் காய்ச்சலும் அரிதாக இதயத் தசையைத் தொட்டுவிட்டுப் போகலாம். நெஞ்சு வலி, காரணமில்லாத படபடப்பு, மயக்கம், படுத்தால் மூச்சு வாங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் இசிஜி, பிறகுதான் ஜிம்.

இவை இல்லை என்றால் வீட்டில் பார்க்க எளிய அளவு, காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே எண்ணும் நாடி. காய்ச்சலுக்கு முன் அவருக்கு 60. டிஸ்சார்ஜ் ஆனபோது 78. மூன்று நாள் தொடர்ந்து 66-க்குள் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று வைத்துக் கொண்டோம். அதற்கு முன் வெறும் நடை, அதுவும் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில்.

வாரக் கணக்கு

அமெரிக்காவில் பலப் பயிற்சியாளர்களின் இரண்டு அமைப்புகள் சேர்ந்து 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. கல்லூரி விளையாட்டு வீரர்கள் இடைவேளை முடிந்து திரும்பிய முதல் ஓரிரு வாரங்களில் கடும் தசைச் சிதைவும் மரணங்களும் நடந்ததால் வந்தது அது. வழக்கமான அளவிலிருந்து முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10 சதவீதம் குறைத்துச் செய் என்பது அதன் சாரம். இருபது வயது வீரருக்கே இவ்வளவு நிதானம் என்றால், 46 வயதில் டெங்குவிலிருந்து எழுந்தவருக்கு இன்னும் மெதுவாகத்தான் போக வேண்டும். கீழே உள்ளது நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்டது, எந்த ஆய்வின் சூத்திரமும் அல்ல.

முதல் வாரம் இரண்டே நாள். பழைய எடையில் பாதி, இரண்டு செட். ஸ்குவாட் 40, பெஞ்ச் 27.5, டெட்லிஃப்ட் 50. முடிக்கும்போது "இன்னும் பண்ணலாமே" என்று தோன்ற வேண்டும். தோன்றினால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். பழக்கம் விட்ட தசைக்கு முதல் செஷன் வலி பெரும்பாலும் இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். சாதாரண வலி நான்கைந்து நாளில் அடங்கும். தசை வீங்கி மடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனாலோ அது சாதாரண வலி அல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்த செஷனில் அதே வேலைக்கு வலி மிகக் குறைவாக இருக்கும்.

இரண்டாம் வாரம் 60 சதவீதம், மூன்றாம் வாரம் மூன்று நாளாக்கி 70, நான்காம் வாரம் 80, ஐந்தாம் வாரம் 85, ஆறாம் வாரம் 90, ஏழாம் வாரம் பழைய எடை. ஓட்டம் தனியாக: முதல் இரண்டு வாரம் ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று நடை மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. ஆறாம் வாரத்தில் இரண்டு சுற்று நிற்காமல்.

எதிர்பார்த்த இடத்தில்தான் சிக்கல் வந்தது. மூன்றாம் வாரம் ஸ்குவாட் 55 கிலோ அவருக்குப் பஞ்சு மாதிரி இருந்தது. "எண்பதே போட்டுர்லாம் போல இருக்குது தம்பி" என்றார். போடவில்லை. ஆனால் நான்காம் வாரம் எடையோடு சேர்த்து ஓட்டத்தையும் ஒரு சுற்று கூட்டிவிட்டார். மறுநாள் காலை நாடி 62-லிருந்து 73. கால் கனம், மதியம் தூக்கம், இரண்டு நாள் அப்படியே. முழங்கால் சில்லுக்குக் கீழே லேசான வலி, பத்தில் மூன்று என்று சொல்லலாம். வலி மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் அதே சுமையில் தொடரலாம், மறுநாளும் இருந்தால் ஒரு படி இறங்க வேண்டும் என்பது காயத்திலிருந்து திரும்புபவர்களுக்குப் பலரும் சொல்லும் அளவு. இவருக்கு அடங்கவில்லை. மூன்றாம் வாரத்தையே மறுபடி செய்தோம். ஆக ஏழு வாரம் எட்டானது, அவ்வளவுதான் நஷ்டம்.

சாப்பாடு

எடை 70-க்கு இறங்கியதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். "காய்ச்சல்லயாவது நாலு கிலோ போச்சு, இதை அப்படியே புடிச்சு வெச்சுக்கோணும்" என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தப் பார்த்தார். காய்ச்சலில் போவது கொழுப்பு மட்டும் அல்ல. தண்ணீரும் தசையும் சேர்ந்துதான் போகிறது. மீட்கும் வாரங்களில் பட்டினி போட்டால் தசையைக் கட்டப் பொருளே இருக்காது.

இந்த வாரங்களில் உடல் எடை கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் என்பது நியாயமான அளவு. 70 கிலோவுக்கு ஏறத்தாழ 85 முதல் 110 கிராம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதை டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டில் இது எப்படி வரும்? காலையில் மூன்று முட்டை, 18 கிராம். பதினோரு மணிக்குச் சுண்டலாகப் பச்சைப்பயறு 50 கிராம், அதில் 12. மதியம் அரிசிம்பருப்பு சாதம், ஆளுக்கு 50 கிராம் துவரம்பருப்பு வருமாறு போட்டால் 11. கூட ஒரு கிண்ணம் தயிர், 7. சாயங்காலம் ஒரு கை நிலக்கடலை, 8. ராத்திரி வெந்த கோழிக்கறி 100 கிராம், 27. படுக்கும்முன் ஒரு டம்ளர் பால், 8. கூட்டினால் 91. கறி சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் பன்னீரும் இன்னொரு பங்கு பயறும் வைக்கலாம். சோறு, ராகி, கம்பு எல்லாம் வழக்கம்போல. எதையும் வெட்டத் தேவையில்லை.

எடை பார்ப்பவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு. திரும்பிய முதல் பத்து நாளில் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறலாம். தசை தன் கிளைகோஜன் சேமிப்பை நிரப்பும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறது. பிளாஸ்மாவும் கூடுகிறது. இதைக் கொழுப்பு என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைப்பவர்கள் மீட்பையே குறைக்கிறார்கள்.

இனி பண்டிகையில், கல்யாணத்தில் டயட் விட்டுப்போனவர்கள். இங்கே குற்ற உணர்ச்சி என்ன செய்கிறது என்று நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். ஹெர்மன், மாக் என்ற இருவர் 1975-ல் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். டயட்டில் இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பின் ஐஸ்கிரீமைக் குறைத்துக் கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்கள் குடிக்காதபோது சாப்பிட்டதைவிடக் குடித்த பின் அதிகம் சாப்பிட்டார்கள். "கெட்டது கெட்டாச்சு, இன்னிக்குத் தின்னுட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்ற மனக்கணக்கு. 2007-ல் ஆடம்ஸ், லியரி இருவரும் டோனட் வைத்து இதே மாதிரி செய்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பகுதியினரிடம் மட்டும், எல்லாரும்தான் இப்படிச் சாப்பிடுகிறோம், உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள் என்று சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு வைத்திருந்தவர்களில் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் அடுத்து வைத்த மிட்டாயைக் குறைவாக எடுத்தார்கள். தன்னைத் திட்டிக்கொள்வது கட்டுப்பாட்டை வளர்க்கும் என்ற நம் நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

ஆகவே அதிரசத்துக்கு அடுத்த வேளை பட்டினி வேண்டாம். அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு, அவ்வளவே.

வேறு வகை இடைவெளிகள்

நோய் இல்லாமல், கல்யாணம், ஆபீஸ் வேலை என்று இரண்டு வாரம் போயிருந்தால் மேலே சொன்ன எட்டு வாரம் தேவையே இல்லை. பலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முதல் வாரம் எடையில் பத்து சதவீதமும், ஒரு செட்டும் குறைத்தால் போதும், அதுவும் தசை வலியைத் தவிர்க்கத்தான். மூன்று நான்கு வாரம் என்றால் 70 சதவீதத்தில் ஆரம்பித்து மூன்று வாரத்தில் ஏறலாம்.

ஒரு காலிலோ கையிலோ மட்டும் காயம் என்றால், டாக்டர் தடுக்காத வரை மற்றதை நிறுத்த வேண்டியதில்லை. நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டுப் போட்ட கையின் பலம் இறங்குவதும் ஓரளவு குறைகிறது. நரம்பு மண்டலத்தின் வழியாக நடக்கும் வேலை இது.

நம் ஆள் எட்டாம் வாரக் கடைசியில் ஸ்குவாட் 80-ஐ மூன்று செட் முடித்தார். ரேஸ்கோர்ஸ் நான்கு சுற்றுக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது. எடை 72-ல் நிற்கிறது. அந்தப் பதினைந்து செஷனை அவர் எங்கேயும் திருப்பிச் செய்யவில்லை. இப்போது நோட்டில் விட்ட நாட்களை எழுதுவதும் இல்லை. தேதி, எடை, காலை நாடி, இந்த மூன்று பத்தி மட்டும் வைத்திருக்கிறார்.